தோசைக்கல் விளம்பரம்: முதல் மூன்று நொடிக்காக மூன்று தடவை எடுத்த அனுபவம்

கோவை எடிட்டர்:

சிறு கடைகளுக்கு ரீல்ஸ் விளம்பரம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். போன வருடம் வார்ப்பிரும்பு தோசைக்கல் விற்கும் ஒருவருக்கு எடுத்தேன். அவர் விற்பது ஏற்கெனவே பழக்கிய கல். வாங்கின அன்றே தோசை ஊற்றலாம்.

முதலில் எடுத்தது 30 நொடி. கடையின் சின்னம் நாதஸ்வர இசையோடு சுழன்று வரும், அதற்கே நாலு நொடி. அப்புறம் கடை முகப்பு, அப்புறம் கடைக்காரர் வணக்கம் சொல்வார். தோசை கண்ணில் படுவது 19-வது நொடியில். விளம்பரக் கணக்கைப் பார்க்கும் Ads Manager-இல் 3-second video plays என்று ஒரு எண் வரும். அதை Impressions-ஆல் வகுத்துப் பார்த்தேன். நூறு தடவை காட்டியதில் 14 தடவைதான் மூன்று நொடி தாண்டியிருந்தது. சின்னம் சுழன்று முடிவதற்குள்ளேயே எல்லாரும் விரலால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இரண்டாவது தடவை, இந்தக் கல்லை வாங்கப் போகிறவருக்கு என்ன பயம் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். புதுக் கல்லில் தோசை ஒட்டும், அதுதான் பயம். அதனால் முதல் ஃப்ரேமிலேயே தோசைத்திருப்பி ஒட்டின தோசையைச் சுரண்டிக்கொண்டிருக்கும். கை கல்லை நோக்கி வருவதெல்லாம் கிடையாது, சுரண்டல் பாதியில் இருக்கும்போதே வீடியோ தொடங்கும். கறுப்புத் திரையிலிருந்து மெல்லத் தெளிகிற ஃபேட் எனக்குக் கைப்பழக்கம். அது அரை நொடியைத் தின்றுவிடும் என்பதால் அதையும் நீக்கினேன். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் நிறைய, அதனால் ‘புதுக் கல்லில் தோசை ஒட்டுதா?’ என்று எழுத்தும் போட்டேன். ஒன்றரை நொடியில் தோசை கிழிந்து வரும். மூன்றாவது நொடியில் கை அந்தக் கல்லை நகர்த்திவிட்டு, அதே அடுப்பில் நம்ம கல்லை வைக்கும்.

அங்கிருந்து 10-வது நொடி வரைக்கும் அதே மாவு, ஒரு கரண்டி, தேய்ப்பது, ஓரத்தில் எண்ணெய், தோசை முழுதாக எழும்புவது. வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே கண்முன் வந்தாக வேண்டும். வெட்டி ஒட்டினால் ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றிவிடும். அடுத்த ஆறு நொடி, கல்லை எப்படி எண்ணெய் தடவிச் சூடாக்கிச் சூடாக்கிப் பழக்குகிறார்கள் என்பது. கடைசி ஆறு நொடியில் அளவு, எடை, விலை, எங்கே அழுத்தி ஆர்டர் செய்வது. மொத்தம் 22 நொடி.

இதிலும் ஒரு தப்பு நடந்தது. எழுத்தைக் கீழே போட்டிருந்தேன். ரீல்ஸில் கீழ்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடைப் பெயர், விளக்கம், பட்டன் எல்லாம் வந்து மறைத்துக்கொள்ளும். வலது ஓரத்தில் லைக், ஷேர் குறிகள். எடிட் பண்ணும்போது கணினியில் இது எதுவும் தெரியாது, போனில் போட்டுப் பார்த்தபோதுதான் என் கேள்வி பாதி மறைந்திருந்தது. மேலே ஒட்டினாற்போலவும் போட முடியாது. நடுவுக்குச் சற்று மேலே போட்டேன். நூற்றுக்கு 33 வந்தது.

மொபைல் கடை தம்பி:

அண்ணா, இவ்வளவு யோசிக்க வேண்டுமா? டிரெண்டிங் பாட்டைப் போட்டால் மூன்று நொடி தானாக நிற்பார்கள். என் கடை வீடியோ அப்படித்தான் ஓடியது.

கோவை எடிட்டர்:

தம்பி, சாதாரணப் பதிவுக்கு நீங்கள் சொல்வது ஓரளவு சரி. ஆனால் அதே வீடியோவுக்குப் பணம் கட்டி பூஸ்ட் செய்து பாருங்கள். சினிமாப் பாட்டு இருந்தால் பெரும்பாலும் ஏற்காது, பாட்டை மாற்றச் சொல்லும். மாற்றினால் பாட்டின் தாளத்துக்கு வெட்டின வெட்டெல்லாம் அர்த்தமில்லாமல் போய்விடும். எனக்குத் தோசைத்திருப்பி சுரண்டுகிற அந்தக் கர்கர் சத்தமே போதுமாக இருந்தது. போனைத் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்துத் தனியாகப் பதிவு செய்தேன்.

சுங்குடிச் சேலை:

விளம்பரத்தையே மூன்று நொடியில் முடிக்கச் சொல்கிறீர்களோ என்று முதலில் நினைத்தேன். இரண்டாவது தடவை படித்தபோதுதான் புரிந்தது. என் கதை வேறு. ‘இந்தச் சேலை என்ன விலைன்னு சொல்லுங்க பார்ப்போம்’ என்று தொடங்கினேன். நன்றாக நின்று பார்த்தார்கள், ஆனால் ஆர்டர் மூன்றே மூன்று. கமெண்டில் எல்லாரும் விலையை ஊகித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கோவை எடிட்டர்:

அக்கா, இதே மாதிரி எனக்கும் நடந்தது, தோசைக்கல்லிலேயே. மூன்றாவது நொடிக்கு அப்புறம் வருவதை அப்படியே வைத்துக்கொண்டு, முன்னால் மட்டும் மூன்று விதமாக மாற்றி ஓட்டினேன். ஒன்று ஒட்டின தோசை. இரண்டு, கடைக்காரர் கேமராவைப் பார்த்துக் கேள்வி கேட்பது. மூன்று, உருக்கின இரும்பை அச்சில் ஊற்றுவது. செக்கச்செவேல் என்று அவ்வளவு அழகு. நூற்றுக்கு 45 பேர் நின்றார்கள், நான் எடுத்ததிலேயே அதிகம். ஆனால் பார்ப்பவர்கள் எந்த நொடியில் விலகுகிறார்கள் என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்தால், தோசை மாவு வந்ததுமே கோடு சரிகிறது. இரும்பைப் பார்க்க வந்தவர்கள் தோசையைப் பார்த்ததும் போய்விட்டார்கள். ஆர்டர் அதிகம் வந்தது 33 வாங்கின ஒட்டின தோசைக்குத்தான்.

அதிலிருந்து கோடு எங்கே சரிகிறது என்று பார்ப்பேன். இரண்டு நொடிக்குள் சரிந்தால் தொடக்கத்தில் கோளாறு. ஐந்தாறு நொடியில் சரிந்தால், தொடக்கம் ஒன்றைச் சொல்ல அடுத்தது வேறெங்கோ போகிறது என்று எடுத்துக்கொள்வேன். உங்கள் வீடியோவில் விலையை எந்த நொடியில் சொன்னீர்கள்?

சுங்குடிச் சேலை:

சொல்லவே இல்லை தம்பி. மெசேஜில் கேட்கட்டும் என்று விட்டேன். விலையை முதலிலேயே சொன்னால் பாதிப் பேர் ஓடிவிடுவார்களே?

சிறுதானியம்:

நான் முதல் நொடியிலேயே விலை போட்டுப் பார்த்தேன். பார்த்தவர்கள் குறைந்தார்கள், மெசேஜ் அனுப்பியவர்களில் வாங்கியவர்கள் கூடினார்கள். ஆனால் என்னுடையது அரைக் கிலோ மாவு, சேலைக்கு அது பொருந்துமா தெரியாது. என் சிக்கல் வேறு. ‘உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?’ என்று தொடங்கிய விளம்பரத்தை ஏற்கவே இல்லை. இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கோவை எடிட்டர்:

பார்க்கிறவருக்கு நோய் இருக்கிறது என்று குறித்துப் பேசுவதை விளம்பர விதிகள் அனுமதிப்பதில்லை. கடன், வருமானம் பற்றியும் அப்படித்தான். தோசை ஒட்டுதா என்று கேட்கலாம், உடம்பைப் பற்றிக் கேட்க முடியாது. மாவிலிருந்து தொடங்குங்கள். கம்பு தோசை விரியாமல் உடைவது பலருக்கும் நடக்கிறதே, அதைக் காட்டலாம்.

சிறுதானியம்:

ஆமாம், கம்பு உடையும்! அதை எங்கள் வீட்டிலேயே எடுத்துவிடலாம்.

வரி ஆலோசகர்:

தோசை, சேலை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பொருள். நான் ஜிஎஸ்டி தாக்கல் செய்து தருகிறேன். என்னிடம் சுரண்டிக் காட்ட என்ன இருக்கிறது? மேஜையில் உட்கார்ந்து பேசுகிறேன், யாரும் நிற்பதில்லை.

கோவை எடிட்டர்:

சார், இதற்கு என்னிடம் சோதித்த பதில் இல்லை. ஒரு ஆடிட்டருக்கு எடுத்தபோது, கல்லாவிலிருந்து கசங்கின பில்களை மேஜையில் கொட்டுவதிலிருந்து தொடங்கினேன். 20-க்கு மேல் ஏறவில்லை. கொட்டின பில் என்ன ஆனது என்பதை அடுத்த ஐந்து நொடியில் என்னால் காட்ட முடியவில்லை, அவர் பேசத்தான் செய்தார். உங்களிடம் வருகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது என்ன? அந்த வாக்கியத்தை அவர்கள் சொல்வது போலவே எழுதி அனுப்புங்கள்.

வரி ஆலோசகர்:

‘சார், போன மாசம் போட மறந்துட்டேன், எவ்வளவு ஃபைன்?’ பத்தில் ஏழு பேர் இதைத்தான் கேட்பார்கள்.

கோவை எடிட்டர்:

அதைக் கடைக்காரர் ஒருவர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே போனில் கேட்கட்டும். ஷட்டர் சத்தத்தோடு தொடங்கலாம். மூன்றாவது நொடியில் தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று நீங்கள் எண்ணைச் சொல்லிவிடுங்கள். எடுத்து முடித்ததும் இதையும், மேஜையில் உட்கார்ந்து பேசுகிற பழைய தொடக்கத்தையும் ஒரே வாரத்தில் ஓட்டிப் பாருங்கள், கோடு எங்கே சரிகிறது என்று இங்கேயே சொல்லுங்கள்.