புதுப்பிப்பு: மைக்ரோவேவ் ஓடும்போது கேம் தடுமாறுவது, பாதி தீர்ந்தது

முன்பு நான் இங்கே கேட்டது: "மைக்ரோவேவ் போட்டாலே கேம் நின்று நின்று போகுது, ஹெட்செட்டும் கரகரக்குது. பழுது எதில்?"

லாஸ்பேட்டை வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். வைஃபை சேனலை 1-க்கு மாற்றச் சொன்ன தம்பி சொன்னது பாதி சரி. மைக்ரோவேவின் கசிவு 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே அதிகம், சேனல் 1 அதற்குச் சற்றுக் கீழே இருக்கிறது. தடுமாற்றம் குறைந்தது, ஆனால் அம்மா கார்ட்லெஸ் போனை எடுத்ததும் திரும்ப வந்துவிட்டது. போனின் அடியில் `2.4GHz` என்று இருக்கிறது. இந்த வகைப் போன்களில் பலவும் அலைவரிசைக்கு அலைவரிசை தாவுவதால், எந்தச் சேனலுக்குப் போனாலும் தப்ப முடியாது.

கடலூர் அண்ணன் சொன்ன சோதனைதான் தெளிவாகக் காட்டியது. வைஃபையில் இருந்த மடிக்கணினியில் இதை ஓடவிட்டேன்:

```
ping -t 192.168.1.1
```

ரௌட்டர் வரைக்கும்தான் இது அளக்கிறது, இணையச் சேவையை அல்ல. ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து மைக்ரோவேவைப் போட்டதும் நேரம் எகிறியது, அணைத்ததும் இறங்கியது. 5 கிகாஹெர்ட்ஸில் துளி மாற்றமும் இல்லை. கன்சோலை அதற்கு மாற்றிவிட்டேன். ஒரே சுவர்தான் நடுவில், சிக்னல் போதுகிறது.

ஹெட்செட்டின் டாங்கிள் 2.4-ஐ விட்டு நகராது. கன்சோலின் பின்னாலிருந்து யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் முன்னால் கொண்டுவந்தேன். போனால் வந்த கரகரப்பு நின்றது, மைக்ரோவேவால் வருவது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

கசிவு உடம்புக்குக் கெடுதலா என்று கேட்ட அக்காவுக்கு: அது வேறு கேள்வி. வைஃபை சிக்னல் அவ்வளவு பலவீனமானது, சிறு கசிவே அதைக் கெடுக்கும்.

மைக்ரோவேவ் பக்கத்திலேயே டாங்கிள் ஹெட்செட் வைத்திருப்பவர்கள் யாராவது முழுதாகச் சரிசெய்திருந்தால் சொல்லுங்கள்.