மேடையில் வாசிக்கப்பட்ட என் பழைய அறிமுகம்

வடகரைக்காரி

போன மாதம் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். என்னை அறிமுகப்படுத்த வந்த பேராசிரியை கையில் ஒரு தாள். என் இணையதளத்தில் இருக்கும் "என்னைப் பற்றி" பக்கத்தை அப்படியே அச்செடுத்திருந்தார். இரண்டாவது வரியிலேயே எனக்கு வியர்த்துவிட்டது. 2022-ல் நான் விட்டுவந்த வேலையில் "தற்போது பணிபுரிகிறார்" என்று வாசித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, நான் எழுதி வைத்ததைத்தான் வாசித்தார்.

அடுத்த வரிதான் இங்கே எழுத வைத்தது. "எந்த ஊருக்கான பேருந்து மதுரையில் எந்த நிலையத்திலிருந்து கிளம்பும் என்று சொல்லும் தளத்தையும் நடத்திவருகிறார்" என்றார். முன்வரிசைப் பையன் ஒருவன் உடனே போனில் அந்த முகவரியைத் தட்டினான். பார்த்தவன் பக்கத்தில் இருந்தவனிடம் காட்டினான். அப்படியே வரிசை முழுக்கப் போனது. பேசி முடித்தபிறகு அவனிடமே கேட்டேன். "ரம்மி விளையாடச் சொல்லுதுக்கா" என்றான்.

அந்தத் தளத்தை 2019 நவம்பரில் தொடங்கினேன். பெரியார் நிலையத்தை இடித்துக் கட்டிக்கொண்டிருந்த நேரம். தேனிக்குப் போகிறவர் மாட்டுத்தாவணியில் போய் நிற்பார், திருநெல்வேலிக்குப் போகிறவர் ஆரப்பாளையத்தில் இறங்கி முழிப்பார். அதற்காகச் செய்தது. பெயர் அழகாக இருக்கட்டும் என்று தனி டொமைன் வாங்கினேன். கார்டில் தானாகப் பணம் போகும்படி வைத்திருந்தேன். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதி வந்தபிறகு அந்தத் தானியங்கிப் பணம் நின்றுபோனது. அந்த வருடம் நினைவூட்டல் மெயில் வந்ததால் கையால் கட்டிவிட்டேன். மெயில் போனது அலுவலக முகவரிக்கு. 2022 நடுவில் வேலையை விட்டேன், அந்த முகவரியும் போயிற்று. அந்த நவம்பரில் வந்த நினைவூட்டல் எதையும் நான் பார்க்கவில்லை.

உங்களில் தளம் வைத்திருப்பவர்கள், செய்த வேலை, எழுதிய கட்டுரை, பேசிய உரை என்று அறிமுகத்திலிருந்து லிங்க் கொடுத்திருப்பவர்கள், இந்த மாதிரி எதையாவது சந்தித்திருக்கிறீர்களா? எப்படிச் சரிசெய்தீர்கள்?

திருமங்கலம் அப்பா

வணக்கம்மா. என் மகன் பி.ஈ. முடிச்சுட்டு வேலைக்கு அனுப்பிக்கிட்டு இருக்கான். அறிமுகம் ஒரு பக்கத்துல இருக்கணுமா, ரெண்டு பக்கம் போகலாமா? போட்டோ வைக்கணுமா? தகப்பன் பேரு, சொந்த ஊரு எல்லாம் எழுதணும்னு நான் சொல்றேன், அவன் வேண்டாங்குறான்.

வடகரைக்காரி

ஐயா, நீங்கள் கேட்பது வேலைக்கு அனுப்பும் பயோடேட்டா. அது போய்ச் சேரும் இடமும் நேரமும் நமக்குத் தெரியும். நான் சொல்வது தளத்தில் எப்போதும் கிடக்கும் அறிமுகம், யார் எப்போது எடுத்து வாசிப்பார்கள் என்றே தெரியாது. தம்பி புதிதாக வேலை தேடுகிறவர் என்றால் ஒரு பக்கம் போதும். இந்த விஷயத்தில் அவர் சொல்வது சரி என்றே எனக்குப் படுகிறது.

கருவேலமரம்

தங்கச்சி, எனக்கு சர்வர் பாக்குற வேலைதான், பதினஞ்சு வருசமா. உங்க டொமைன் உடனே போயிருக்காது. `.com` மாதிரி பேர்கள்ல காலாவதி ஆனதுக்கு அப்புறம் விற்ற கம்பெனி 45 நாள் வரைக்கும் கையில வச்சிருக்கலாம். பெரும்பாலும் அதுக்குள்ள சாதாரண விலையிலயே புதுப்பிச்சிடலாம். அடுத்து 30 நாள் மீட்புக் காலம், அதுல தனிக் கட்டணம் உண்டு, கொஞ்சம் கூடவே இருக்கும். அதுக்கப்புறம் 5 நாள் யாராலும் தொட முடியாது. பிறகு யார் வேணாலும் எடுத்துக்கலாம். நிறைய கம்பெனி நடுவுலயே ஏலத்துக்கும் விட்டுடும்.

சூதாட்டக்காரங்களுக்கு உங்க பேருந்துப் பேரு மேல ஆசை இல்ல. நாலு கல்லூரித் தளம், ரெண்டு பத்திரிகை அந்த முகவரிக்கு லிங்க் குடுத்திருப்பாங்கள்ல, அதைத்தான் வாங்குறாங்க. அந்த லிங்க்கெல்லாம் இருக்கறதால தேடல்ல அவங்க பக்கம் மேல வரும்.

இன்னொண்ணு. லிங்க் சோதிக்கிற கருவி உங்களுக்கு இதைக் காட்டியிருக்காது. அது பக்கம் திறக்குதான்னு மட்டும் பாக்கும், ரம்மிப் பக்கம் நல்லாவே திறக்கும். 200ன்னு பதில் வரும், "சரி"ன்னு பச்சை விழும். நான் என் தளத்துக்கு வேற மாதிரி வச்சிருக்கேன். ஒவ்வொரு லிங்க்குக்கும் அந்தப் பக்கத்துல கண்டிப்பா இருக்க வேண்டிய ஒரு சொல்லை எழுதி வச்சு, அது இருக்கான்னு மாசம் ஒருதடவை பாப்பேன்.

```
curl -sL https://example.com/ | grep -c 'ஆரப்பாளையம்'
```

0 வந்தா போய்ப் பாக்கணும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடுனாத்தான் எழுத்தே வரும்ங்கிற பக்கங்கள்ல நல்லா இருந்தாலும் 0 காட்டும். அதுகளைக் கண்ணால பாக்கறதைத் தவிர வழியில்ல.

புதுமண்டபம்

இதுக்கு ஏன் இவ்ளோ சிரமம்? வேபேக் மெஷின்ல எல்லாப் பக்கமும் சேமிச்சு இருக்கும். அறிமுகத்துல இருக்கற லிங்க்கை அந்த முகவரிக்கு மாத்திட்டா தளம் என்னைக்கும் அப்படியே இருக்கும். நான் என் பழைய கவிதைப் பக்கத்துக்கு அப்படித்தான் செஞ்சேன்.

கருவேலமரம்

கவிதைக்குச் சரி தம்பி, அது வெறும் எழுத்து. தங்கச்சி தளத்துல ஊர்ப் பேரைத் தட்டுனா சர்வர்ல தேடிப் பதில் வரும். சேமிப்புல அந்தப் பெட்டி தெரியும், தட்டுனா ஒண்ணும் வராது. எல்லாப் பக்கமும் இருக்கும்னும் சொல்ல முடியாது, அது வந்து எடுத்திருந்தாத்தான் உண்டு. சும்மா டொமைன் பேரை மட்டும் குடுத்தா 2022க்கு அப்புறம் எடுத்த ரம்மிப் பக்கமே வந்து நிக்கும். வருசத்தைச் சேர்த்துக் குடுக்கணும்:

```
https://web.archive.org/web/2021/https://example.com/
```

அந்தக் காலத்துக்குக் கிட்ட எடுத்த பிரதிக்குப் போகும். தளம் எப்படி இருந்துச்சுன்னு காட்ட இது போதும்.

ஆனா தங்கச்சியோட சிக்கல் அறிமுகப் பக்கத்து லிங்க் மட்டும் இல்ல, அதை ஒரு நிமிசத்துல மாத்திடலாம். ஸ்லைடுல, கல்லூரி அழைப்பிதழ்ல, யூடியூப் உரைக்குக் கீழ எல்லாம் பழைய முகவரி கிடக்கும். அதைத் தொட முடியாது. அதனால நான் சொல்றது, இனிமே எங்கயும் வெளி முகவரியைக் குடுக்காதீங்க. சொந்த டொமைன்ல `/bus`னு ஒரு பாதை வச்சு அதை மட்டும் குடுங்க, அங்கிருந்து வேண்டிய இடத்துக்குத் திருப்பி விடுங்க. திருப்பும்போது 301 வேணாம், 302 வைங்க. 301ஐ பிரவுசர் நினைவுல வச்சுக்கும், நாளைக்கு நீங்க இடம் மாத்தினாலும் பழைய இடத்துக்கே போகும். வருசம் ஒரு டொமைனுக்குப் பணம் கட்டுனா போதும், அந்த ஒண்ணை மறக்க மாட்டீங்க. அதோட மெயில் முகவரியை மட்டும் அலுவலகத்துது போடாதீங்க. அந்த டொமைன்லயே இருக்கற மெயிலையும் போடாதீங்க. டொமைன் போனா மெயிலும் சேர்ந்து போயிடும்.

மேலூர் டீச்சர்

நான் கணினி ஆள் இல்லை. மாங்குளம் தமிழிக் கல்வெட்டுகள் பற்றிப் பள்ளிகளில் பேசுவேன், எழுதுவேன். அக்கா மகன் தளம் செய்து கொடுத்தான். எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று உரைகள் பக்கத்துக்கு "உரை" என்றே பாதை வைக்கச் சொன்னேன். பிரவுசரில் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா.

ஒரு பள்ளி ஆண்டுவிழாவுக்கு என் முகவரியைக் கேட்டார்கள். நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அழைப்பிதழ் அச்சாகி வந்தபோது என் பெயருக்குக் கீழே இப்படி இருந்தது:

```
/%E0%AE%89%E0%AE%B0%E0%AF%88
```

அச்சகத்தில் இரண்டு வரியாக உடைத்துவிட்டார்கள், நடுவில் ஒரு கோடு வேறு. யாராலும் தட்ட முடியாது. இப்போது `/urai` என்று வைத்திருக்கிறேன். பக்கத்தின் உள்ளே எல்லாம் தமிழ்தான். மனதுக்கு இன்னும் ஒப்பவில்லை, ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை தட்டினால் திறக்கிறது.

பெயரிலும் ஒன்று உண்டு. ஆங்கில அறிமுகத்தில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசியில் போட்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்த ஒருவர் நிகழ்ச்சி முழுக்க என்னை அப்பா பெயரால் அழைத்தார். அப்பா போய் ஏழு வருடம் ஆகிறது. கோபம் வரவில்லை, தொண்டை அடைத்தது. இப்போது அறிமுகத்தின் முதல் வரியிலேயே எப்படி அழைக்க வேண்டும் என்று எழுதிவிட்டேன்.

கருவேலமரம்

டீச்சர், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூணு பைட், ஒவ்வொரு பைட்டும் மூணு எழுத்தா மாறும். "உரை"ல உ, ர, ஐகாரக் குறின்னு மூணு இருக்கு, அதான் 27 எழுத்து ஆயிடுச்சு. பழைய தமிழ்ப் பாதையை எடுத்துடாதீங்க, அதையும் `/urai`க்குத் திருப்பி விடச் சொல்லுங்க. ஏற்கெனவே பகிர்ந்தவங்க இருப்பாங்க.

புதுமண்டபம்

எனக்கு ஒரு சந்தேகம். செத்துப்போன தளத்தை அறிமுகத்துல வைக்கவே வேணுமா? எடுத்துட்டா யாரும் கேக்கப்போறதில்லையே.

மேலூர் டீச்சர்

எனக்கும் எடுத்துவிடலாம் என்றே தோன்றுகிறது. மேடையில் வாசிக்கிறவருக்கு "நடத்தினார்", "நடத்துகிறார்" என்ற வித்தியாசம் அவசரத்தில் நிற்காது.

கருவேலமரம்

எனக்கு இதுல ஒப்புதல் இல்ல டீச்சர். மூணு வருசம் ஜனங்க பயன்படுத்தின வேலை அது. "2019–2022"னு ஆண்டு போட்டு, ஏன் நின்னுச்சுன்னு ஒரு பத்தி எழுதி வச்சா அடுத்து அதே வேலையைச் செய்ய வர்ற பையனுக்கு உதவும்.

வடகரைக்காரி

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தேன். அறிமுகத்தை இரண்டாகப் பிரித்துவிட்டேன். மேலே "மேடையில் வாசிக்க" என்று நாற்பது சொல்லில் ஒரு பத்தி. நானே சத்தமாக வாசித்துப் பார்த்தேன், அரை நிமிடம் வருகிறது. அதில் லிங்க் கிடையாது, "தற்போது" என்ற சொல்லும் கிடையாது. முடிவில் எழுதிய மாதமும் ஆண்டும் இருக்கிறது. பழைய தாள் யார் கையில் இருந்தாலும் அது பழையது என்று அவருக்கே தெரியும். அதற்குக் கீழே நான் என் குரலில் எழுதிய நீண்ட பகுதி. வேலைகள், கட்டுரைகள், உரைகளுக்கான லிங்க்குகள் அங்கேதான், எல்லாம் என் டொமைன் வழியாக.

அண்ணன் சொன்ன சோதனையைப் பதினொரு லிங்க்குக்கும் ஓட்டினேன். மூன்றில் 0. ஒன்று ஜாவாஸ்கிரிப்ட் பக்கம், நன்றாகவே இருக்கிறது. ஒன்று நான் 2020-ல் பேசிய உரையின் வீடியோ, நடத்தியவர்கள் எப்போதோ மறைத்துவிட்டார்கள். ஸ்லைடுகள் என்னிடம் இருந்ததால் அவற்றை என் தளத்திலேயே போட்டு லிங்க்கை மாற்றினேன். மூன்றாவது ஒரு கட்டுரை. அதை வெளியிட்ட தளமே இல்லை, என்னிடமும் பிரதி இல்லை. வேபேக்கில் முதல் பக்கம் மட்டும் கிடைத்தது.

பேருந்துத் தளத்தை வைப்பதா எடுப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆண்டு போட்டு வைத்திருக்கிறேன், லிங்க் இல்லாமல். கல்லூரி தன் தளத்தில் ஏற்றியிருக்கும் அழைப்பிதழில் ரம்மி முகவரி அப்படியே இருக்கிறது. எடுக்கச் சொல்லி மெயில் போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. புதன்கிழமை நேரிலேயே போய்க் கேட்கப் போகிறேன்.