50 லட்சத்தைத் தாண்டிய ஒரு லட்சம்: சர்சார்ஜும் மார்ஜினல் ரிலீஃபும்

கேள்வி (சேலம் வாசகர்): புதிய வரி முறையில், 2025-26 நிதியாண்டுக்கு என் வரிக்குரிய வருமானம் சரியாக 50 லட்சத்தில் நிற்கிறது. மார்ச்சில் ஒரு லட்சம் ஊக்கத்தொகை வரவிருக்கிறது. 50 லட்சத்தைத் தாண்டினால் வரியின் மேல் பத்து விழுக்காடு கூடுதல் வரியாக சர்சார்ஜ் விழுமாம். அந்தத் திடீர் ஏற்றத்தைத் தணிக்கும் கழிவான மார்ஜினல் ரிலீஃப் இருப்பதால் கூடுதல் வரி அந்த ஒரு லட்சத்தைத் தாண்டாது என்கிறார்கள். அது முழு உண்மையா? இப்படி ஒரு கோட்டில் திடீரென ஏறும் வரி நியாயமா?

புதுவரவு: தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். சர்சார்ஜ் என்பது 50 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும்தான் வரும். ஒரு லட்சத்துக்கு வரி 30,000, அதன் மேல் பத்து விழுக்காடு 3,000, ஆக 33,000. அதற்கும் மேலே ஏதாவது வந்தால் ரிலீஃப் காப்பாற்றும். எனவே யாருக்கும் நட்டம் வராது.

ஆடிட்டர், மதுரை: நண்பர் சொன்னதில் ரிலீஃப் இருப்பது சரி, மற்றது தவறு. சர்சார்ஜ் மேற்பட்ட தொகைக்கு மட்டுமல்ல, முதல் ரூபாயிலிருந்து கணக்கிட்ட மொத்த வரியின் மேல் விழுகிறது. 50 லட்சத்துக்கு வரி 10,80,000 ரூபாய். 51 லட்சத்துக்கு 11,10,000; அதில் பத்து விழுக்காடு சர்சார்ஜ் 1,11,000 சேர்ந்தால் 12,21,000. வருமானம் ஒரு லட்சம் கூடியதற்கு வரி 1,41,000 கூடுகிறது. இந்த முரண்பாட்டைத் தவிர்க்கவே, வரியும் சர்சார்ஜும் சேர்ந்த தொகை 50 லட்சத்துக்கான வரியைவிட, தாண்டிய வருமானத்துக்கு மேல் கூடக் கூடாது என்று நிதிச் சட்டம் சொல்கிறது. ஆகவே 41,000 குறைக்கப்படுகிறது. சர்சார்ஜ் 70,000 ஆகிறது. கட்ட வேண்டியது 11,80,000.

இத்தோடு நிறுத்திவிட்டால் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் சட்டத்தின் அந்த வாசகத்தில் வரியும் சர்சார்ஜும் மட்டுமே இருக்கின்றன. நான்கு விழுக்காடு சுகாதார, கல்வி செஸ் அதில் இல்லை. அது ரிலீஃப் கழித்த பிறகு வருகிறது. 11,80,000-க்கு செஸ் 47,200, மொத்தம் 12,27,200. 50 லட்சத்தில் நின்றிருந்தால் செஸ் சேர்த்து 11,23,200. வித்தியாசம் 1,04,000. கையில் மிஞ்சுவது முன்பு 38,76,800. ஊக்கத்தொகை வாங்கிய பின் 38,72,800. ஒரு லட்சம் சம்பாதித்து நான்காயிரம் இழக்கிறார்.

கோட்டைத் தெரு: ஆடிட்டர் கணக்கில் குறையில்லை, ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுக்கு நான் உடன்படவில்லை. ஆண்டுக்கு அரைக் கோடி ஈட்டுபவரின் நாலாயிரம் ரூபாய் இழப்பை அநீதியாகக் காட்டினால், அதைவிடப் பெரிய கேள்வி மறைந்துபோகும். இந்தப் பாதிப்பு எவ்வளவு தூரம் நீடிக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

ஆடிட்டர், மதுரை: கேட்டது சரிதான். வருமானம் சுமார் 51,61,194 ரூபாயை எட்டும்போது ரிலீஃப் பூஜ்யமாகிறது. அதுவரை ஈட்டும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 104 ரூபாய் வரி. அதன் பிறகு சாதாரண விகிதம் தொடங்கினாலும், கையில் மிஞ்சுவது பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய 51 லட்சத்து 71 ஆயிரம் வரை போக வேண்டும். அதிகபட்ச இழப்பு 6,450 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. தொகை சிறியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய் உழைப்புக்கு ஒரு காசும் மிஞ்சாத இடத்தை வரிச் சட்டம் உண்டாக்குவது, எவ்வளவு வருமானம் உள்ளவருக்கானாலும், தவறு என்றே நினைக்கிறேன். மேலே போகப்போக அந்த இடம் அகலமாகிறது. இரண்டு கோடியில் சர்சார்ஜ் 15-இலிருந்து 25 விழுக்காடாக உயரும்போது, அது கிட்டத்தட்ட 8.93 லட்சம் வரை நீள்கிறது.

கணக்குப் போடுபவர்கள் இங்கே ஒரு பிழையும் செய்கிறார்கள். ஒரு கோடியைத் தாண்டியவருக்கு ஒப்பிட வேண்டியது, ஒரு கோடிக்கான வரியோடு அதற்குரிய பத்து விழுக்காடு சர்சார்ஜையும் சேர்த்த 28,38,000. வரி மட்டுமான 25,80,000 அல்ல. தவறாக ஒப்பிட்டால் ரிலீஃப் 2,58,000 வரை கூடுதலாகக் காட்டும், பின்னர் நோட்டீஸ் வரும்.

என் யோசனை எளிது. 50 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் 30-க்குப் பதில் 33 விழுக்காடு என்று அடுக்கு விகிதமாக மாற்றிவிட்டால் ரிலீஃபே தேவைப்படாது.

கோட்டைத் தெரு: அந்த எளிமைக்கு யார் விலை கொடுப்பது? ஒரு கோடி ஈட்டுபவர் இன்று கட்டும் சர்சார்ஜ் 2,58,000. உங்கள் முறையில் அது 1,50,000 ஆகிவிடும். ஒவ்வொருவருக்கும் 1,08,000 சலுகை. கோட்டருகே நிற்கும் சிலரின் சிக்கலைத் தீர்க்க, அதற்கு மேலே உள்ள அனைவருக்கும் வரியைக் குறைக்கிறீர்கள். ஏற்கெனவே 2023 பட்ஜெட்டில், புதிய முறையில் ஐந்து கோடிக்கு மேற்பட்டவர்களின் சர்சார்ஜை 37-இலிருந்து 25 ஆக இறக்கியாயிற்று. இன்னும் எவ்வளவு?

ஆடிட்டர், மதுரை: வருவாய் குறையக் கூடாதென்றால் 33-க்குப் பதிலாக ஏறக்குறைய 35.16 என்று வைத்தால் ஒரு கோடியில் அதே தொகை கிடைக்கும். இடைப்பட்டவர்களுக்குச் சற்றுக் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை நான் ஏற்பேன்.

திருச்சிக்காரன்: நீங்கள் இருவரும் விட்டுவிட்டது ஒன்று உண்டு. அரசியலமைப்பின் 271-ஆம் பிரிவின்படி விதிக்கப்படும் சர்சார்ஜ் ஒன்றிய அரசுக்கே சேரும். மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. செஸ்ஸும் அப்படியே. அடுக்கு விகிதமாக்கினால் அதே பணம் பகிரப்படும் தொகுப்புக்குள் வரும், அதில் 41 விழுக்காடு மாநிலங்களுக்குப் போகும். ஆடிட்டரின் யோசனையை நான் ஆதரிப்பது இதற்காகத்தான். அது நடக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

கோட்டைத் தெரு: மாநிலப் பங்கு பற்றிய கோரிக்கையில் நான் உங்கள் பக்கம். ஆனால் சர்சார்ஜைக் குறைத்துவிட்டுப் பங்கு கேட்பதைவிட, சர்சார்ஜையே பங்கிடச் சொல்வது நேர்வழி.

வீட்டு நிர்வாகி: என் கணவரின் கணக்கில் எனக்கு ஒரு குழப்பம். கழிவுகள் போகச் சம்பளம் 48 லட்சம். பங்கு விற்ற நீண்டகால ஆதாயம் 3 லட்சம். எங்களுக்கும் மேலே சொன்ன 41,000 ரிலீஃப் கிடைக்குமா?

ஆடிட்டர், மதுரை: கிடைக்காது, அம்மா. ஆதாயத்தில் 1,25,000 போக மீதிக்கு 12.5 விழுக்காடுதான் என்பதால் உங்கள் வரி 10,41,875, சர்சார்ஜோடு 11,46,062. இதை 50 லட்சத்துக்கான வரியோடு ஒப்பிட வேண்டும். ஆனால் எந்த 50 லட்சம்? சம்பளம் முழுவதையும் வைத்து ஆதாயத்தை 2 லட்சமாகக் குறைத்தால் அந்த வரி 10,29,375, ரிலீஃப் சுமார் 16,690. ஆதாயத்தை முழுவதும் வைத்துச் சம்பளத்தை 47 லட்சமாக்கினால் 10,11,875, ரிலீஃப் சுமார் 34,190. சட்டம் 50 லட்சம் மொத்த வருமானம் என்று மட்டும் சொல்கிறது. எந்தப் பகுதியைக் குறைப்பது என்று சொல்லவில்லை. நான் முதல் கணக்கின்படி கட்டச் சொல்வேன், அதில் தகராறு வராது.

கோட்டைத் தெரு: இரண்டாவது வாசிப்பும் சட்டத்துக்கு முரணல்ல என்றால், 17,500 ரூபாயை விட்டுக்கொடுக்க அவர் ஏன் ஒப்ப வேண்டும்?

சேலம் வாசகர்: என் ஊக்கத்தொகையை ஏப்ரலில் தரும்படி நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கிறேன். முடியாவிட்டால், நிறுவனம் செலுத்தும் என்பிஎஸ் ஓய்வூதியத் திட்டப் பங்கை அடிப்படைச் சம்பளத்தில் 14 விழுக்காடு வரை உயர்த்தினால் வரிக்குரிய வருமானம் குறையுமா?

ஆடிட்டர், மதுரை: குறையும், புதிய முறையிலும் அந்தக் கழிவு உண்டு. ஆனால் அந்தத் தொகை நிறுவனத்தின் பங்காகவே போக வேண்டும், நீங்கள் தனியாகக் கட்டுவது புதிய முறையில் செல்லாது. மார்ச் சம்பளப் பட்டியல் மூடுவதற்குள் சொல்லிவிடுங்கள்.