வீட்டில் ‘அனு’ என்று கூப்பிடச் சொல்லி ஒரு கடிதம்: இப்படியே கொடுக்கலாமா?

பத்தாங்கிளாஸ்: எனக்கு 15 வயசு. பேர் அன்னலட்சுமி, அப்பத்தா பேரு. வீட்ல எல்லாருக்கும் நான் ‘பாப்பா’. எழுதி வச்சிருக்கிற லெட்டர் இது: “அன்புள்ள அம்மா, அப்பா, அன்னலட்சுமி பழைய காலத்துப் பெயர். எனக்குப் பிடிக்கவில்லை. இனி எல்லோரும் அனு என்றுதான் கூப்பிட வேண்டும். வேறு பெயரில் கூப்பிட்டால் திரும்ப மாட்டேன்.” குடுக்கலாமா?

ராசு: அவசரப்படாதம்மா. பேர் மாத்துறதுன்னா அப்பாவோ அம்மாவோதான் விண்ணப்பிக்கணும், அரசிதழ்ல வரணும். ஆதார்ல பேரை ஆயுசுக்கு ரெண்டு தடவைதான் திருத்த விடுவாங்க. பத்தாவது சான்றிதழ் வேற வரப்போகுது.

தேவகி: ராசு அண்ணே, அந்தப் பொண்ணு கேக்குறது வீட்டுக்குள்ள கூப்பிடுற பேரு. அதுக்கு அரசிதழ் எதுக்கு? ஆனா நீங்க பயந்த மாதிரியே அவங்க அப்பாவும் பயப்படுவார். அதனால “பள்ளிக்கூடம், சான்றிதழ், ஆதார் எல்லாத்திலும் அன்னலட்சுமியே இருக்கட்டும்” என்ற வரி கடிதத்தில் மேலேயே வரணும்.

இதைவிடப் பெரிய கோளாறு வேற. வீட்ல யாருமே உன்னை அன்னலட்சுமின்னு கூப்பிடலையே! மாமியார் பேரைச் சொல்லி “ஏய், இங்க வாடி”ன்னு அதட்ட முடியாதுன்னுதான் பல வீட்ல மருமகள்கள் பிள்ளையை ‘பாப்பா’ன்னு கூப்பிட ஆரம்பிக்கிறாங்க. உனக்கு மாறவேண்டியது அந்தப் ‘பாப்பா’. கடிதமோ அப்பத்தா பேரோட சண்டைக்குப் போகுது. அப்பா படிச்சா “எங்கம்மா பேரு பிடிக்கலையாம்” என்பதோட நிறுத்திடுவார். ‘அனு’ங்கிற வரிக்கு வரவே மாட்டார்.

முத்தையா: அன்னலட்சுமியில் ‘அனு’ எங்கே இருக்கிறது? ‘அன்னம்’ என்றால் சுருக்கம். ‘அனு’ அனுராதாவுக்கும் அனுசுயாவுக்கும் உரியது. பெரியவர் பேரை வைத்துவிட்டு அதைத் துடைத்துப்போடுவது என்ன நியாயம்? அப்பத்தா இருக்கும்போதே இது வேண்டாம்.

கார்த்தி: ஐயா, லட்சுமி லச்சு ஆகலையா? கூப்பிட வசதியா இருந்தா போதும். என் கருத்து, லெட்டரே வேண்டாம். ‘பாப்பா’ன்னா திரும்பாம இரு, தானா மாறிடுவாங்க.

தேவகி: கார்த்தி, பாதி சரி. வாய்ப்பழக்கம் காதில் விழுந்து விழுந்துதான் மாறும், காகிதத்தால் மட்டும் மாறாது. ஆனா 15 வருஷமா ‘பாப்பா’ன்னே பழகின வாய், அடுப்புல பால் பொங்கும்போது ‘பாப்பா’ன்னுதான் கத்தும். அப்போ திரும்பாம நின்னா பேச்சு பேரைப் பத்தி இருக்காது, “திமிரு”ன்னு ஆகிடும். திரும்பி, வேலையை முடிச்சுட்டு, “அனு, அம்மா”ன்னு ஒரு தடவை சொன்னா போதும்.

முத்தையா ஐயா சொன்ன அப்பத்தா விஷயத்தை ஒதுக்க முடியாது. அவங்களைக் கடிதத்திலேயே விலக்கிடு. இப்படி எழுதிப் பாரு:

“அம்மா, அப்பா, அப்பத்தா பேர் எனக்கு இருக்கிறது பெருமைதான். பள்ளியிலும் சான்றிதழிலும் அதுவே இருக்கட்டும். ஆனால் விருந்தாளிகள் முன்னால் ‘பாப்பா’ என்று கூப்பிடும்போது கூச்சமாக இருக்கிறது. வீட்டில் நீங்கள் இருவரும் தம்பியும் ‘அனு’ என்று கூப்பிடுவீர்களா? அப்பத்தா அவர் விருப்பப்படியே கூப்பிடட்டும். மறந்தால் நான் கோபப்பட மாட்டேன். அரையாண்டு விடுமுறை முடியும்வரை கூப்பிட்டுப் பாருங்கள், பிறகு பேசுவோம்.”

யார் யார், எங்கே, எதுவரைக்கும்னு மூணும் இதில் தெளிவா இருக்கு. ‘எல்லோரும்’னு எழுதினா அத்தை, பெரியப்பா வரைக்கும் சொல்லிப் புரியவைக்கிற வேலை அம்மா தலையில விழும். அந்த மலைப்புலயே வேண்டாம்னுடுவாங்க.

கையால எழுதி, ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் ரெண்டு பேர் கையிலயும் சேர்த்துக் குடு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுடாதே. சித்தப்பா ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார்னா அப்பா இறங்கிவர மாட்டார். சம்மதிச்ச பிறகு அவங்க போன்ல உன் நம்பருக்கு ‘அனு’ன்னு பேர் மாத்திக்கச் சொல்லு. நீ கூப்பிடும்போதெல்லாம் அது அவங்க கண்ணுல படும்.

முத்தையா: இந்தக் கடிதத்தில் மரியாதை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ‘அன்னம்’ என்று கேட்டால் அப்பத்தாவையே விலக்கவேண்டிய தேவை வராதே.

தேவகி: அந்த வீட்ல அப்பத்தாவையே ‘அன்னம்’னு கூப்பிடுறாங்களோ என்னவோ. அப்படின்னா அம்மா வாயில அது வரவே வராது.

பத்தாங்கிளாஸ்: தாத்தா அவங்களை ‘அன்னம்’னுதான் கூப்பிடுவார். லெட்டரை மாத்தி எழுதறேன். ஆனா விலக்குப் பட்டியல்ல தாத்தாவையும் சேக்கணுமா? அவருக்கு நான் ‘குட்டி’.

கார்த்தி: ‘குட்டி’ அப்படியே இருக்கட்டும், விட்டுடு.

முத்தையா: அவரிடம் முதலில் வாயால் சொல். கடிதத்தில் தன் பெயர் இல்லையென்றால் அவருக்கும் வருத்தம்தான்.