6,000 வார்த்தைக்கு 3,744 ரூபாய்: டிஎம் தள்ளுபடியை ஒத்துக்கலாமா?

வைகைக்கரை:
ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்புக்கு நான் புதுசு. வார்த்தைக்கு 1 ரூபாய் 20 காசுன்னு ஒரு ஏஜென்சி பேசினாங்க. மருத்துவமனை மென்பொருள் ஒண்ணோட திரை வாசகமும் கையேடும், மொத்தம் 6,000 வார்த்தை. 7,200 வரும்னு நெனச்சேன். வந்த ஆர்டர்ல 3,744 போட்டிருக்கு. கேட்டா ‘வெயிட்டட் கவுண்ட்’ங்கறாங்க. இது வழக்கமா, ஏமாத்தா?

நெல்லை நாகு:
ஏமாத்துதான், சந்தேகமே வேண்டாம். கூகுள்ல போட்டு எடுத்ததை உங்க தலையில கட்டிட்டு, ‘பாதி ஏற்கெனவே ஆயிடுச்சு’ம்பானுவ. எனக்கு ஒரு கம்பெனி இதைவிட மோசம். ஆங்கில வார்த்தைக்கு ரேட்டு பேசிட்டு, கடைசில தமிழ் வார்த்தையை எண்ணிக் காசு குடுத்தான். ‘பாதுகாப்பு மூடி இல்லாமல் இந்த இயந்திரத்தை இயக்காதீர்கள்’ – நமக்கு 6 வார்த்தை, ஆங்கிலத்துல அது 9. மூணுல ஒரு பங்கு அப்படியே போச்சு. விட்டுட்டு வேற ஆளைப் பாருங்க.

பழைய பேனா:
நாகு அண்ணாச்சி சொன்ன தமிழ் எண்ணிக்கை விஷயம் நிஜம். வேலை எடுக்குறதுக்கு முன்னாடியே எந்த மொழி வார்த்தையை எண்ணப்போறாங்கன்னு எழுத்துல வாங்கிடணும். ஆனா இங்க நடந்தது அது இல்ல, கூகுளும் இல்ல. இதே மென்பொருளுக்கு முன்னாடி யாரோ செஞ்ச மொழிபெயர்ப்பு டிஎம்ல, அதாவது டிரான்ஸ்லேஷன் மெமரில, சேமிப்பா இருக்கும். புது கோப்பை அதோட ஒப்பிட்டு எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு டூல் சொல்லும். ஒத்துப்போற அளவுக்கு ரேட்டைக் குறைப்பாங்க. வழக்கம்தான். ஆனா வழக்கம்ங்கறதுக்காக எல்லாக் கட்டமும் நியாயம்னு ஆயிடாது. வைகை, அனலிசிஸ் ஷீட் குடுத்திருப்பாங்களே, அதைப் போடுங்க.

வைகைக்கரை:
இதாங்க. முதல்ல இருக்கறது ஒத்துப்போற அளவு, ஓரத்துல இருக்கறது குடுக்குற சதவீதம்.

ரெபிடிஷன்: 1,000 வார்த்தை, 10%
100%: 1,200 வார்த்தை, 20%
95–99%: 800 வார்த்தை, 30%
85–94%: 600 வார்த்தை, 50%
75–84%: 400 வார்த்தை, 60%
அதுக்குக் கீழ, புதுசு: 2,000 வார்த்தை, 100%

பழைய பேனா:
கணக்கு சரியாத்தான் இருக்கு. 100 + 240 + 240 + 300 + 240 + 2,000, மொத்தம் 3,120. அதை 1.20-ஆல பெருக்கினா 3,744. இப்போ இதை மணிக்கணக்கா மாத்திப் பாருங்க. புது வாக்கியம் மணிக்கு 300 வார்த்தை செய்வீங்கன்னு வெச்சுக்குவோம், உங்க மணி நேரம் 360 ரூபாய். 100% கட்டத்துக்கு அவங்க தர்றது 288 ரூபாய். அந்த 1,200 வார்த்தையை ஒழுங்கா ஒப்பிட்டுப் படிச்சா ஒரு மணி 12 நிமிஷமாவது ஆகும், அதுவும் பழசு சுத்தமா இருந்தா. அதாவது மணிக்கு 240 ரூபாய்க்கு இறங்கிட்டீங்க. அதனால முதல் கேள்வி இது: 100% வாக்கியமெல்லாம் பூட்டி வருதா, திறந்து வருதா? பூட்டினா நீங்க பாக்க வேண்டாம், காசும் வேண்டாம், பொறுப்பும் வேண்டாம். திறந்து விட்டுட்டு, தப்புக்கு உங்களைக் கேப்பாங்கன்னா 20% பத்தாது.

கோப்பு மேசை:
நான் ஏஜென்சி பக்கத்து ஆளு, ப்ராஜெக்ட் மேனேஜர். எல்லாரும் எங்களைத் திருடன் மாதிரி பேசறதால சொல்றேன். வாடிக்கையாளரே எங்களுக்கு இதே மாதிரி கட்டம் போட்டுத்தான் காசு தர்றாங்க. போன வருஷம் காசு குடுத்து வாங்கின வாக்கியத்துக்கு மறுபடி முழு ரேட்டு எதுக்குன்னு கேட்டா, நாங்க என்ன பதில் சொல்றது? ரெபிடிஷன் 1,000 வார்த்தை இருக்கே, அதுல ‘சேமி’, ‘ரத்துசெய்’ மாதிரி நூறு தடவை வர்றது எத்தனை! ஒரு தடவை அடிச்சா மிச்சம் தானா விழுந்துடும். அதுக்கும் முழுக் காசு கேப்பீங்களா?

நெல்லை நாகு:
உங்களுக்கு வாடிக்கையாளர் போடுற கட்டமும் நீங்க எங்களுக்குப் போடுற கட்டமும் ஒண்ணா மேடம்? அந்த ஷீட்டைக் காட்டுங்க, நான் வாயை மூடிக்கிடுதேன்.

கோப்பு மேசை:
அது காட்ட முடியாதுன்னு உங்களுக்கே தெரியும் சார்.

பழைய பேனா:
‘சேமி’க்கு நான் சண்டை போட மாட்டேன். ஆனா ரெபிடிஷன், 100% ரெண்டுலயும் குழி இருக்கு. இதே மாதிரி ஒரு மருத்துவமனை வேலைல ‘ஓப்பன்’னு ஒரே சொல் பதினஞ்சு இடத்துல வந்துச்சு. சில இடத்துல அது பட்டன், அங்க ‘திற’. சில இடத்துல நோயாளியோட புகார் இன்னும் முடியலங்கற நிலை, அங்க ‘நிலுவையில்’. டூலுக்கு எல்லாம் ஒண்ணு. பழைய ஆள் எல்லா இடத்துலயும் ‘திற’ன்னு விட்டிருந்தார். புகார் பட்டியல் முழுக்க ‘திற’ ‘திற’ன்னு நின்னா நர்ஸ் எதை அழுத்துறது? ஆங்கிலத்துக்கு 100%, தமிழுக்குத் தப்பு. திருத்தினது நான், கெடச்சது 20%.

75-லேருந்து 94 வரைக்கும் உள்ள கட்டம்தான் தமிழ்ல இன்னும் வம்பு. கோப்பு நீக்கப்பட்ட செய்தி ஏற்கெனவே இருக்கு, புதுசா நோயாளியை நீக்கின செய்தி வருது. ஆங்கிலத்துல ஒரு பெயர்ச்சொல்தான் மாறுது, டூல் அதைத் தாராளமா ஒத்துப்போகுதுங்கும். நமக்குக் ‘கோப்பு நீக்கப்பட்டது’ன்னு இருந்தது ‘நோயாளி நீக்கப்பட்டார்’னு கடைசிவரை மாறணும், பன்மைன்னா ‘நீக்கப்பட்டார்கள்’. நீளமான வாக்கியம்னா நடுவுல உள்ள வேற்றுமையும் மாறும். பழசைத் தட்டி ஒட்டுறதைவிடப் புதுசா எழுதுறது சீக்கிரம் முடியும். அதனால 75–84-ஐ நான் எப்பவுமே 100%-ஆத்தான் கேப்பேன்.

கோப்பு மேசை:
எல்லா வாக்கியமும் அப்படி மாறாது சார். கையேட்டுல ‘படம் 4-ஐப் பார்க்கவும்’ ‘படம் 5-ஐப் பார்க்கவும்’னு வரும். அதுலயும் ஒரே சின்ன வித்தியாசம்தான், எண்ணை மாத்தினாப் போதும். உங்க மோசமான உதாரணத்தை வெச்சு மொத்தக் கட்டத்தையும் தூக்கச் சொல்றீங்க.

பழைய பேனா:
அதையும் ஒத்துக்கறேன். ஆனா அந்த மாதிரி எண் மட்டும் மாறுறது 95–99-லதான் பெரும்பாலும் விழும், அதுக்குத்தான் 30% போட்டாச்சே. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. டிஎம் பழசு, கலப்படம்னு தெரிஞ்சா அதுக்குப் பெனால்டி வெச்சு அனலைஸ் பண்ணலாமே, 5 புள்ளி குறைச்சா 100% எல்லாம் 95 ஆயிடும். செய்வீங்களா?

கோப்பு மேசை:
வாடிக்கையாளர் ஒத்துக்கிட்டா செய்வோம். பெரும்பாலும் ஒத்துக்க மாட்டாங்க.

சிட்னி சேகர்:
வணக்கம். நான் ஆஸ்திரேலியாவோட நாட்டி சிசிஎல் தேர்வுல, தமிழ்ல, 90-க்கு 71 எடுத்துப் பாஸ் ஆயிட்டேன். அப்போ எனக்கு இதைவிட நல்ல ரேட்டு கேக்கலாமா? ஆஸ்திரேலியா ஏஜென்சி யாராவது இருந்தா சொல்லுங்க.

பழைய பேனா:
சேகர் தம்பி, சிசிஎல் குடியேற்றப் புள்ளிக்கான தேர்வு. விசாவுக்கு 5 புள்ளி கிடைக்கும், அவ்வளவுதான். அதை வெச்சு உரைபெயர்ப்பாளர்னோ மொழிபெயர்ப்பாளர்னோ வேலை செய்ய முடியாது. அதுக்கு நாட்டியோட சான்றிதழ்த் தேர்வு தனி, அதுலயும் பேச்சுக்கு ஒண்ணு, எழுத்துக்கு ஒண்ணு. சிசிஎல்ல ரெண்டு பேர் பேசறதை மாத்திச் சொன்னீங்க, ஒரு வரி கூட எழுதலியே.

சிட்னி சேகர்:
ஓ. கோச்சிங் சென்டர்ல ‘வேலைக்கும் ஆகும்’னு சொன்னாங்களே அண்ணா.

நெல்லை நாகு:
கோச்சிங் சென்டர் வேற என்ன சொல்லும்!

பழைய பேனா:
வைகை, இன்னொண்ணு இருக்கு, இதைத்தான் நிறையப் பேர் கவனிக்கறதில்ல. அந்த 75–94 கட்டத்துல இருக்குற 1,000 வார்த்தையும் நிஜமாவே டிஎம்லேருந்து வந்ததான்னு பாருங்க. கோப்புக்குள்ளேயே ஒரு வாக்கியம் இன்னொண்ணு மாதிரி இருந்தாலும் டூல் அதை மேட்ச்னு காட்டும், அப்படி ஒரு தேர்வு இருக்கு. அதாவது நீங்க இன்னும் எழுதாத வாக்கியத்துக்குத் தள்ளுபடி. கண்டுபிடிக்கச் சுலபமான வழி: வெத்து டிஎம் ஒண்ணைப் போட்டு அனலைஸ் ஓட்டுங்க. டிஎம்ல ஒண்ணுமே இல்லாதப்போ அந்தக் கட்டம் பூஜ்யமா இருக்கணும். இல்லேன்னா விஷயம் புரிஞ்சுடும்.

வைகைக்கரை:
ஓட்டிட்டேன். 85–94-ல 350, 75–84-ல 250 காட்டுது! டிஎம் காலி.

பழைய பேனா:
ஆக 1,000-ல 600 உங்க கைவேலையே. 350-க்கு 50%, 250-க்கு 40% பிடிச்சிருக்காங்க, 175-ம் 100-ம் சேர்ந்து 275 வார்த்தை. 330 ரூபாய். இந்த வேலைக்குச் சின்னத் தொகைதான், ஆனா மாசம் முழுக்க இதே ஏஜென்சின்னா கணக்குப் போட்டுக்குங்க.

கோப்பு மேசை:
இதுல எனக்கு முழு உடன்பாடு கிடையாது. முதல் வாக்கியத்துக்கு முழுக் காசு குடுத்துட்டோம். அது டிஎம்ல ஏறின பிறகு ரெண்டாவதுக்கு அவருக்கு உதவி கிடைக்குதா இல்லியா? ரெபிடிஷனுக்கு ஒத்துக்கறவர் இதுக்கு மட்டும் ஏன் ஒத்துக்க மாட்டேங்கறார்?

பழைய பேனா:
ரெபிடிஷன் தானா விழும், நான் ஒரு எழுத்தைத் தொட வேண்டாம். இது விழாது, நான் உக்காந்து மாத்தணும். கோப்பு, நோயாளி கதைதான் இங்கயும்.

நெல்லை நாகு:
இவ்வளவு படிச்ச பிறகும் நான் சொல்றது ஒண்ணுதான், விட்டுடுங்க. 1.20-க்கு ஆளு கெடைக்காம அலைவான், அப்போ ரேட்டு ஏறும்.

கோப்பு மேசை:
நாகு சார், ஏறாது. இன்னைக்கு ராத்திரிக்குள்ள வேற ஆள் எடுத்துடுவார். அது எனக்கும் வருத்தம்தான்.

வைகைக்கரை:
விடல. மூணு கேட்டு மெயில் போட்டேன்: 100%-ஐப் பூட்டுங்க, கோப்புக்குள்ள வர்ற மேட்ச்சைப் புதுசா எண்ணுங்க, 75–84-க்கு முழு ரேட்டு. முதல் ரெண்டுக்கும் சரின்னுட்டாங்க. மூணாவதுக்கு ‘கம்பெனி பாலிசி’ன்னு பதில்.

பழைய பேனா:
பூட்டுனதோட 240 வார்த்தை போயிடும், கோப்புக்குள்ள உள்ளது 275 சேரும். 3,155 வார்த்தை, 3,786 ரூபாய். 42 ரூபாய்தான் கூடுது, ஆனா 1,200 வார்த்தை படிக்குற வேலையும் பொறுப்பும் உங்க கையை விட்டுப் போச்சு. 75–84-ல நிஜமான டிஎம் மேட்ச் இனிமே 150 வார்த்தைதான், அதுக்கு இந்தத் தடவை சண்டை போட வேண்டாம். பூட்டினாங்கன்னு மெயில்ல வாங்கிட்டீங்கல்ல? கோப்பு வந்ததும் நிஜமாவே பூட்டியிருக்கான்னு திறந்து பாருங்க.

நெல்லை நாகு:
42 ரூபாய்க்கு இவ்வளவு பேச்சு. நல்லாத்தான் இருக்கு நம்ம தொழில்.