விபத்து ரிப்போர்ட்டில் "கவனக்குறைவு" என்று எழுதுவது: உங்கள் அனுபவம் என்ன?

பிரஸ்ஷாப்_செல்வம்
அம்பத்தூர் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் சேஃப்டி பார்க்கிறேன். எங்களுக்கு வரும் ரிப்போர்ட்டுகளில் பாதி, முதல் வரியிலேயே தீர்ப்பு சொல்லிவிடும். ஒன்று இப்படி வந்தது: "ஆபரேட்டர் அலட்சியமாக டைக்குள் கையை விட்டதால் ஆள்காட்டி விரல் நசுங்கியது. எத்தனை முறை சொல்லியும் கேட்பதில்லை." கை எதற்காக உள்ளே போனது, மேலிருந்து இறங்கி அடிக்கும் ராம் எப்படி இறங்கியது, ஒன்றும் இல்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, அலட்சியத்தை எங்கே பார்த்தீங்க, கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்க என்று உட்கார்ந்து எழுதினோம்.

"பிற்பகல் 3.40. 60 டன் பிரஸ். அடித்த பீஸ் மேல் டையில் ஒட்டிக்கொண்டது. ஆபரேட்டர் அதை வலது கையால் எடுக்கும்போது ராம் இறங்கியது. செலக்டர் ஸ்விட்ச் கால் பெடல் நிலையில் இருந்தது, சாவி ஸ்விட்சிலேயே இருந்தது. பீஸ் எடுக்கும் இடுக்கி மெஷின் அருகில் இல்லை."

இதை வைத்துக்கொண்டுதான் விசாரணையே தொடங்கியது. பீஸை மேல் டையிலிருந்து தள்ளிவிட வேண்டிய நாக்-அவுட் பின் தேய்ந்திருந்தது, அதனால் காலையிலிருந்தே ஒட்டியிருக்கிறது. இரண்டு கை பட்டனில் ஓட வேண்டிய மெஷினை, செட்டர் டை செட் பண்ணும்போது பெடலுக்கு மாற்றி அப்படியே விட்டிருக்கிறார். அந்தச் சாவி சூப்பர்வைசரின் டிராயரில் இருக்க வேண்டியது! "அலட்சியம்" என்ற வார்த்தை அவருக்கு ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

குமரன்77
இதுக்கு இவ்வளவு கஷ்டமா? "அவர் செய்தார்" என்று எழுதாமல் "செய்யப்பட்டது" என்று முடித்தால் யாரையும் குறை சொன்ன மாதிரி இருக்காது. நாங்கள் அப்படித்தான் எழுதுவோம்.

ரிடையர்டு_ஃபோர்மேன்
தம்பி, பாதி சரி. "மெஷினின் பாதுகாப்பு கார்டு கழற்றப்பட்டிருந்தது" என்று எழுதினால் திட்டு போய்விடும், ஆளும் போய்விடுவாரே. செட்டர் கழற்றினார் என்று தெரிந்தால் "செட்டர் காலை ஷிப்டில் கழற்றினார்" என்றே எழுது, அது குற்றச்சாட்டு இல்லை, நடந்தது. தெரியாவிட்டால் "கழற்றியது யார் என்று தெரியவில்லை" என்று எழுது. "வேண்டுமென்றே கழற்றினார்" என்பதுதான் வம்பு, அவர் மனசுக்குள் போய்ப் பார்த்தாயா? தொழிலாளர் இழப்பீடு பற்றிய சட்டத்தில், பாதுகாப்பு உத்தரவைத் தெரிந்தே மீறியதால்தான் காயம் என்று நிரூபித்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை என்று இருக்கிறது. இறந்தாலோ நிரந்தரமாக முழு ஊனம் ஆனாலோ அந்தச் சாக்கு செல்லாது, ஆனால் விரல் போன கேஸில் சொல்லிப் பார்ப்பார்கள். அப்போது உன் ரிப்போர்ட்டில் இருக்கும் "வேண்டுமென்றே"தான் முதலில் எடுக்கப்படும்.

வண்டலூர்_ராஜி
எனக்கும் இதே பிரச்சினை. ஸ்கூட்டியில் போகும்போது ஒரு கார் இடித்துவிட்டது, இன்சூரன்ஸ் படிவத்தில் "கண்மண் தெரியாமல் வந்து இடித்தான்" என்று எழுதியதற்குத் திரும்ப எழுதச் சொல்கிறார்கள். போலீஸ் எஃப்.ஐ.ஆரில் மட்டும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்று இருக்கலாமாம்!

பிரஸ்ஷாப்_செல்வம்
நாங்கள் பேசுவது ஃபாக்டரி ரிப்போர்ட் பற்றி, பரவாயில்லை. எஃப்.ஐ.ஆரில் இருப்பது சட்டப்பிரிவின் வாசகம். முன்பு ஐ.பி.சி. 279, இப்போது பி.என்.எஸ். 281. அந்தப் பிரிவில் வழக்குப் போட அந்த வார்த்தைகள் வேண்டும். உங்கள் படிவத்துக்கு வேண்டாம். கார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, நடுக்கோட்டைத் தாண்டியதா, ஹாரன் கேட்டதா, வண்டியின் எந்த இடத்தில் இடித்தது, இவற்றை எழுதுங்கள். வேகம் எவ்வளவு என்று நீங்கள் அளக்கவில்லை, எண் போடாதீர்கள்.

நைட்ஷிப்ட்_பாபு
சரி, ஆள் குடித்துவிட்டு வந்திருந்தால்? அதையும் பூசி மெழுகணுமா?

ரிடையர்டு_ஃபோர்மேன்
மெழுக வேண்டாம், பார்த்ததை எழுது. "9.15-க்கு ஷிப்ட் இன்சார்ஜ் பேசினார், பேச்சு குழறியது, மது வாடை அடித்தது என்கிறார். ஊதும் கருவியில் சோதிக்கவில்லை." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதே. சர்க்கரை இறங்கினாலும் பேச்சு குழறும், நானே பார்த்திருக்கிறேன். "போதையில் இருந்தார்" என்று நீ எழுதி, ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் மீதி ரிப்போர்ட்டையும் எவனும் நம்ப மாட்டான்.

குமரன்77
எல்லாம் சரி அண்ணே, எங்கள் கம்பெனி படிவத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம், அதில் "மனிதத் தவறு" அல்லது "இயந்திரக் கோளாறு", இரண்டில் ஒன்றை டிக் பண்ணியே ஆகணும். காலியாக விட்டால் திருப்பி அனுப்புகிறார்கள்.

பிரஸ்ஷாப்_செல்வம்
எங்களிடமும் அதே கட்டம்தான். நான் டிக் போடாமல் "விசாரணை முடியவில்லை" என்று பக்கத்தில் எழுதி அனுப்புகிறேன், சில நேரம் ஏற்றுக்கொள்கிறார்கள், சில நேரம் ஹெச்.ஆரே "மனிதத் தவறு" டிக் போட்டுவிடுகிறார்கள். இதற்கு யாராவது வழி கண்டுபிடித்திருந்தால் சொல்லுங்கள்.