எரித்ரோபாய்டின் 'நார்மல்' என்று வந்த ரிப்போர்ட்டுகள்: நீங்கள் பார்த்தவை

லேப்மேசை:
58 வயது, நீண்ட நாள் சர்க்கரை. ஹீமோகுளோபின் 7.9, கிரியாட்டினின் 3.8. இரும்பு, பி12 இரண்டும் சரி. ரெட்டிகுலோசைட் 0.8 சதவீதம்தான், அதாவது மஜ்ஜையிலிருந்து புதுச் செல் வரத்தே இல்லை. சிவப்பணு உருவாகச் சிறுநீரகம் விடும் ஹார்மோனான எரித்ரோபாய்டின் 14 வந்தது. லேப் வரம்பு 4 முதல் 26 என்பதால் பக்கத்தில் 'நார்மல்' என்று அச்சாகிப் போய்விட்டது. மகன் கவுன்டரில் அந்தத் தாளை நீட்டி, "ஹார்மோன் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு அதே ஹார்மோன் ஊசி?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. அந்த வரம்பு ரத்தசோகை இல்லாதவருக்கானது. சிறுநீரகம் நன்றாக இருந்து ஹீமோகுளோபின் 7.9க்கு இறங்கியிருந்தால் இந்த எண் நூறைத் தாண்டியிருக்க வேண்டும். 14 என்றால் சிறுநீரகம் குரலே கொடுக்கவில்லை என்று பொருள்.

கவின்_எம்பிபிஎஸ்2:
சிம்பிள்தான் சார். கிட்னி ஹீமோகுளோபினை அளந்து பார்க்கும், குறைந்தால் ஹார்மோன் விடும், அது மஜ்ஜைக்குப் போய் செல்களை வேகமாகப் பிரிய வைக்கும். வைவாவில் இதைச் சொன்னேன், எக்ஸாமினர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சரியா தப்பா தெரியவில்லை.

டயாலிசிஸ்_யூனிட்:
பாதி சரி தம்பி. சிறுநீரகம் ஹீமோகுளோபினை அளப்பதில்லை. புறணியில் குழல்களுக்கு இடையே இருக்கும் சில செல்கள் தங்களைச் சுற்றியுள்ள ஆக்சிஜனைத்தான் உணர்கின்றன. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்வரை, HIF என்ற புரதம் உருவான வேகத்திலேயே சிதைக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் அது தங்கி, எரித்ரோபாய்டின் ஜீனைத் தூண்டும். அதனால்தான் ஹீமோகுளோபின் சரியாக இருந்தும், உயரமான மலைக்குப் போனால் ஹார்மோன் ஏறுகிறது. நாள்பட்ட சிறுநீரக நோயில் இதே செல்கள் தழும்புத் திசு உண்டாக்கும் செல்களாக மாறி, இந்த வேலையை விட்டுவிடுகின்றன.

"வேகமாகப் பிரிய வைக்கும்" என்பதும் முழுக்கச் சரியில்லை. சிவப்பணு ஆகப்போகும் இளஞ்செல்கள் மஜ்ஜையில் எப்போதும் தேவைக்கு மேலேயே உருவாகின்றன. ஹார்மோன் கிடைக்காதவை தாமாகவே மடிந்துவிடும். ஹார்மோன் முக்கியமாகச் செய்வது அந்தச் சாவைத் தடுப்பதுதான். தப்பியவை ஒரு மேக்ரோஃபேஜைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நான்கைந்து முறை பிரிந்து, ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு, கடைசியில் உட்கருவை வெளியே தள்ளும். அதை மேக்ரோஃபேஜ் விழுங்கிவிடும். மிஞ்சுவது ரெட்டிகுலோசைட். இதற்கெல்லாம் ஒரு வாரம் போல ஆகும். ஊசி போட்ட மறுநாளே ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்பவர்களுக்கு இதைத்தான் விளக்குகிறேன்.

யாரும் கேட்காவிட்டாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நோயாளிக்கு 4000 யூனிட், வாரம் மூன்று முறை. ஹீமோகுளோபின் முதலில் 8, பிறகு 9.2, அதோடு நின்றுவிட்டது. டோஸை இரட்டிப்பாக்கினார்கள். ரத்த அழுத்தம் ஏறியதுதான் மிச்சம். ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் நிறைவைப் பார்த்தால் 13 சதவீதம். காப்பாற்றிய செல்லுக்குள் போட இரும்பு இல்லை! கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 லிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபினை 8இலிருந்து 11க்கு ஏற்ற 150 கிராம் ஹீமோகுளோபின் வேண்டும். கிராமுக்கு 3.4 மில்லிகிராம் இரும்பு. ஆக, 500 மில்லிகிராமுக்கு மேல். சிரை வழியாக இரும்பு கொடுத்து, டோஸைப் பழையபடி குறைத்த பிறகுதான் எண் நகர்ந்தது. டோஸைக் கூட்டும் முன் இரும்பைப் பாருங்கள், மறைந்திருக்கும் தொற்றைப் பாருங்கள். ஹீமோகுளோபினை 13க்கு மேல் ஏற்றப் பார்க்காதீர்கள், பக்கவாத ஆபத்து கூடும்.

ராஜா_சேகர்:
எனக்கு ஹீமோகுளோபின் 18.6. அப்படியானால் எனக்கு இந்த ஹார்மோன் அதிகமா? சிகரெட் உண்டு. இரும்புச் சத்து உணவை நிறுத்தவா?

லேப்மேசை:
ராஜா சார், இங்கே பேசுவது குறைந்த ஹீமோகுளோபினைப் பற்றி. ஆனாலும் படிக்கும் முறை ஒன்றுதான், இரண்டு எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 18.6 இருக்கும்போது எரித்ரோபாய்டின் வரம்புக்குக் கீழே இருந்தால், மஜ்ஜை ஹார்மோனுக்குக் காத்திராமல் தானாக ஓடுகிறது என்று சந்தேகிப்போம். JAK2 மரபணுப் பரிசோதனை தேவை. குறையாமலோ கூடியோ இருந்தால் நுரையீரல், புகை, தூக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவற்றைத் தேட வேண்டும். உணவை நிறுத்திப் பயனில்லை, ரத்தநோய் மருத்துவரைப் பாருங்கள்.

சிறுநீரகம்_சுமதி:
டயாலிசிஸ் யூனிட் சொன்ன இரும்புக் கணக்கு சரிதான். ஆனால் சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 700, டிரான்ஸ்ஃபெரின் நிறைவு 15 என்று வருபவரை என்ன செய்வது? அழற்சியில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, சேமிப்பில் இருக்கும் இரும்பு வெளியே வராமல் அடைபட்டுவிடும். மேலும் இரும்பு கொடுத்தால் சிலருக்கு ஹீமோகுளோபின் ஏறத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே தொற்று இருந்தால் அந்த இரும்பு கிருமிக்குத் தீனியாகிவிடும். எங்கள் யூனிட்டிலேயே இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகத்தான் எழுதுகிறார்கள்.

டயாலிசிஸ்_யூனிட்:
அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. எவ்வளவு? கையில் ஃபிஸ்டுலாவா, கழுத்தில் கதீட்டரா? கதீட்டர் என்றால் முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன்.